பாக்கெட்டின் பின்பக்கம்: பிள்ளைகளின் தின்பண்ட லேபிளைப் படிக்கும் முறை

கடையில் விற்கும் தின்பண்ட பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கம் வாங்க வைப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. கதிர், பால் குவளை, துள்ளும் குழந்தை, பெரிய எழுத்தில் ‘ராகி’, ‘மல்ட்டிகிரெய்ன்’, ‘கால்சியம் நிறைந்தது’ எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்பக்கம் சட்டம் கேட்பதால் அச்சிடப்படுவது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், அதன்கீழ் 2020-இல் வந்த லேபிள் ஒழுங்குமுறைகளும், பாக்கெட்டில் எதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. பிள்ளைகளுக்காக வாங்குபவர் பார்க்க வேண்டியது இந்தப் பின்பக்கத்தை. அதிலும் இரண்டே இரண்டு இடங்கள் முக்கியமானவை: சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை. பழகியவருக்கு இரண்டையும் பார்க்க அரை நிமிடம் போதும்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தடை உண்டு. லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. தமிழில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே சில ஆங்கிலச் சொற்களை அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அவை அதிகமில்லை; கீழே அந்தந்த இடத்தில் வரும்.

சேர்மானப் பட்டியல்: வரிசைதான் செய்தி

‘இன்கிரிடியன்ட்ஸ்’ என்று தொடங்கும் பத்திதான் சேர்மானப் பட்டியல். தயாரிக்கும்போது எந்தப் பொருள் எடையில் அதிகமாகப் போடப்பட்டதோ அது முதலில் வரும். அடுத்தது அதைவிடக் குறைவாகப் போடப்பட்டது. இப்படியே கடைசிவரை இறங்கும். நிறுவனம் தன் விருப்பப்படி இந்த வரிசையை மாற்ற முடியாது. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே அந்தப் பண்டம் பெரும்பாலும் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு, கடைகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பில் ஒரு ராகி பிஸ்கட் பாக்கெட்டை வைத்துக்கொள்ளலாம். எடை 75 கிராம், உள்ளே பத்து பிஸ்கட். முன்பக்கத்தில் ராகிக் கதிர். பின்பக்கத்தில் சேர்மானம் இப்படி: ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர் 48 சதவீதம், ஷுகர், ரிஃபைன்ட் பாம் ஆயில், ராகி மாவு 10 சதவீதம், இன்வர்ட் ஷுகர் சிரப், மில்க் சாலிட்ஸ், உப்பு, உப்பவைக்கும் பொருள்கள், எமல்சிஃபையர், சுவையூட்டி.

முதல் பெயர் ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்’. கோதுமை என்ற சொல் அதில் இருந்தாலும் அது மைதாதான். பல பாக்கெட்டுகளில் பக்கத்திலேயே மைதா என்றும் போட்டிருக்கும். முழுக் கோதுமை மாவு என்றால் ‘ஹோல் வீட் ஃப்ளோர்’ அல்லது ‘ஆட்டா’ என்று இருக்கும். இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில். பிஸ்கட்டுக்குப் பெயர் கொடுத்த ராகி நான்காவது இடத்தில்தான் வருகிறது.

ராகிக்குப் பக்கத்தில் இருக்கும் ‘10 சதவீதம்’ தற்செயலாக வந்ததல்ல. ஒரு பொருளை முன்பக்கத்தில் எடுத்துக்காட்டி விற்றால், அது எத்தனை சதவீதம் என்று பின்பக்கத்தில் சொல்லியாக வேண்டும். 75 கிராம் பாக்கெட்டில் பத்து சதவீதம் என்றால் ஏழரை கிராம். வீட்டில் சுடும் ஒரு சிறிய ராகி அடைக்கே முப்பது, நாற்பது கிராம் மாவு போகும். பாக்கெட் முழுவதையும் தின்றாலும் அதில் கால் பங்குதான் பிள்ளைக்குக் கிடைக்கிறது. பாதாம், ஓட்ஸ், பழம், தேன் என்று எதைப் படம்போட்டிருந்தாலும் இந்தச் சதவீதத்தைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்தப் பட்டியலில் சர்க்கரை இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. ‘ஷுகர்’ ஒன்று, ‘இன்வர்ட் ஷுகர் சிரப்’ இன்னொன்று. இன்வர்ட் சிரப் என்பது சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்து எடுத்த பாகு. ‘லிக்விட் குளுக்கோஸ்’, ‘டெக்ஸ்ட்ரோஸ்’, ‘மால்ட் எக்ஸ்ட்ராக்ட்’, தேன், வெல்லம், பழச்சாற்றுச் செறிவு ஆகியவையும் இனிப்புக்காகச் சேர்ப்பவையே. இனிப்பு மூன்று நான்கு பெயர்களில் பிரிந்து வரும்போது, ஒவ்வொன்றும் தனித்தனியாக எடை குறைந்து பட்டியலில் கீழே போய்விடுகிறது. சர்க்கரை ஐந்தாவது இடத்தில்தான் இருக்கிறது என்று நிம்மதியடைவதற்கு முன், அதன் உறவுக்காரப் பெயர்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அட்டவணை: 100 கிராமும் ஒரு பரிமாறலும்

ஊட்டச்சத்து அட்டவணையில் பொதுவாக இரண்டு மூன்று பத்திகள் இருக்கும். ஒன்று 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு எவ்வளவு என்பது. இன்னொன்று ‘பெர் சர்வ்’, அதாவது ஒரு பரிமாறலில் எவ்வளவு அல்லது அது ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்பது. இவற்றில் எதைப் பார்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு பரிமாறல் எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. ஒரு பிஸ்கட்டுக்கு அது 15 கிராமாக இருக்கும், பக்கத்து பிஸ்கட்டுக்கு 30 கிராமாக இருக்கும். ஆகவே இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட 100 கிராம் பத்தி மட்டுமே உதவும். பிள்ளையின் வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்று அறிய, அந்த 100 கிராம் கணக்கைப் பிள்ளை உண்மையில் தின்னும் அளவால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பரிமாறல் பத்தியை நம்பினால் இரண்டு பிஸ்கட்டோடு எழுந்துபோகும் ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொண்டு கணக்குப் போடுவதாகிவிடும்.

அதே ராகி பிஸ்கட்டின் அட்டவணையில் 100 கிராமுக்கு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: எனர்ஜி 480 கிலோ கலோரி, புரதம் 7 கிராம், கார்போஹைட்ரேட் 70 கிராம், அதில் ‘டோட்டல் ஷுகர்ஸ்’ 25 கிராம், ‘ஆடட் ஷுகர்ஸ்’ 23 கிராம், மொத்தக் கொழுப்பு 19 கிராம், அதில் ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ 9 கிராம், சோடியம் 350 மில்லிகிராம். பரிமாறல் 15 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். அந்த வரிசையில் சேர்த்த சர்க்கரைக்கு நேராக 7 சதவீதம் என்று போட்டிருக்கும்.

ஏழு சதவீதம் என்றதும் சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அது எதில் ஏழு சதவீதம்? ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் பெரியவரை அளவுகோலாக வைத்து, அவருக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் சாச்சுரேட்டட் கொழுப்பு, 2,000 மில்லிகிராம் சோடியம் என்ற கணக்கில் இந்தச் சதவீதம் போடப்படுகிறது. பாக்கெட்டின் மேல் குழந்தைப் படமும் கார்ட்டூனும் இருந்தாலும் சதவீதம் பெரியவருக்கானதுதான். லேபிள் படிக்கும் பெற்றோர் மிக எளிதாகத் தவறவிடுவது இந்த ஒரு விஷயத்தை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,360 கிலோ கலோரி. சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோ கலோரி தரும். அந்தக் கணக்கில், இந்த வயதுப் பிள்ளைக்கு மேல் எல்லை நாளொன்றுக்கு 34 கிராம். நல்ல எல்லை 17 கிராம்.

இப்போது பாக்கெட்டுக்குத் திரும்பலாம். 100 கிராமில் 23 கிராம் சேர்த்த சர்க்கரை என்றால், 75 கிராம் பாக்கெட்டில் 17 கிராமுக்குச் சற்று மேல். பள்ளி விட்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளை ஒரு பாக்கெட்டை முடித்தால், அன்றைக்கு நல்ல அளவு என்று சொல்லப்பட்ட சர்க்கரை முழுவதும் அந்த ஒரு பண்டத்திலேயே தீர்ந்துவிட்டது. காலையில் பாலில் கலந்ததும், மாலையில் அப்பா வாங்கிவந்த சாக்லெட்டும் அதற்கு மேல். கலோரி கணக்கில் பாக்கெட் 360; அதாவது அந்த வயதின் ஒரு நாள் தேவையில் கால் பங்குக்கு மேல். பாதி பாக்கெட் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளலாம். பிஸ்கட்டே கூடாது என்பதல்ல இந்தக் கணக்கின் பொருள். அது ராகிக் கூழுக்கு மாற்றாக வைக்கத்தக்க உணவல்ல, இனிப்புப் பண்டம் என்பதுதான்.

சேர்த்த சர்க்கரையைப் பெரிய தேக்கரண்டிக் கணக்கில் பார்க்க விரும்புவோர் கிராமை ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன பாக்கெட்டில் மூன்றரைக் கரண்டி வரும்.

‘நோ ஆடட் ஷுகர்’ என்றால்

முன்பக்கத்தில் வரும் சில சொற்களுக்கு விதியில் எல்லை உண்டு. ‘ஷுகர் ஃப்ரீ’ என்று போட 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. ‘லோ ஷுகர்’ என்றால் திடப்பொருளில் 100 கிராமுக்கு 5 கிராமுக்குள், பானத்தில் 100 மில்லிக்கு இரண்டரை கிராமுக்குள். ‘நோ ஆடட் ஷுகர்’ இவற்றிலிருந்து வேறுபட்டது. தயாரிக்கும்போது சர்க்கரை சேர்க்கவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது; சர்க்கரையே இல்லை என்று சொல்லவில்லை.

ஆப்பிள் சாற்றில் இயல்பாகவே 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 200 மில்லி அட்டைப்பெட்டிச் சாற்றின் அட்டவணையில் ‘ஆடட் ஷுகர்ஸ்’ பூஜ்யம் என்றும், ‘டோட்டல் ஷுகர்ஸ்’ 10 என்றும் இருந்தால் இரண்டுமே உண்மை. ஆனால் பிள்ளை குடிப்பது 20 கிராம் சர்க்கரை. பழத்தைக் கடித்துத் தின்னும்போது நாரோடு மெதுவாகச் சேரும் சர்க்கரை, சாறாக்கிவிட்டால் நாரில்லாமல் ஒரே மூச்சில் இறங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சாற்றின் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில் சேர்ப்பது அதனால்தான்.

பாலில் நிலைமை வேறு. சாதாரணப் பாலிலேயே 100 மில்லிக்கு 5 கிராம் அளவில் பால் சர்க்கரை உண்டு; அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஃப்ளேவர்ட் மில்க் பாட்டிலில் மொத்தச் சர்க்கரை 12 என்றால், அதில் ஏறத்தாழ ஏழு வெளியிலிருந்து வந்தது. ‘ஆடட் ஷுகர்ஸ்’ வரி இதை நேராகவே சொல்லிவிடும்.

பால் பவுடர் கலவைகளிலும், பாலில் கலக்கும் மால்ட் பொடிகளிலும் அடிக்கடி தென்படும் இன்னொரு பெயர் ‘மால்ட்டோடெக்ஸ்ட்ரின்’. சோளம் போன்றவற்றின் மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. வேதியியல்படி அது சர்க்கரை அல்ல என்பதால், அட்டவணையில் சர்க்கரை வரியில் வராது. கார்போஹைட்ரேட் வரியில் சேர்ந்துவிடும். உடலிலோ அது விரைவாகக் குளுக்கோஸாகிவிடுகிறது. சர்க்கரை குறைவாகவும் கார்போஹைட்ரேட் மிக அதிகமாகவும் தெரியும் ஒரு பொடியில், சேர்மானப் பட்டியலின் முதல் சில பெயர்களுக்குள் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா என்று பார்த்தால் விளக்கம் கிடைக்கும்.

இந்த மால்ட் பொடிகளை ஆன்லைன் கடைகள் ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம். இவற்றின் அட்டவணையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. சில டப்பாக்களில் ஒரு பத்தி ‘200 மில்லி பாலுடன்’ என்று இருக்கும். அந்தப் பத்தியில் தெரியும் புரதத்திலும் கால்சியத்திலும் பெரும் பகுதி பாலுடையது. பொடி இல்லாமலும் அது பிள்ளைக்குக் கிடைத்திருக்கும். பொடி எதைத் தருகிறது என்று அறிய, பொடிக்கான 100 கிராம் பத்தியை மட்டும் பார்க்க வேண்டும்.

இரண்டு வயதுக்குள்ளான குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்குச் சர்க்கரை சேர்த்த பண்டத்தையும் பானத்தையும் கொடுக்காமல் இருப்பதே பரிந்துரை.

சோடியம் என்ற பெயரில் உப்பு

அட்டவணையில் உப்பு என்று இருக்காது. சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, உச்ச எல்லை. பிள்ளைகளுக்கு அவர்களின் கலோரித் தேவைக்கேற்ப அது குறையும். ஐந்து வயதுக்குச் சுமார் 1,360 மில்லிகிராம்.

உடனடி நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றில் 100 கிராமுக்குச் சோடியம் 1,200 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 70 கிராம் பாக்கெட்டில் 840 வரும். ஐந்து வயதுப் பிள்ளையின் நாளெல்லை அளவில் அறுபது சதவீதம் ஒரே கிண்ணத்தில் போய்விடுகிறது. இட்லி, சாம்பார், ரசம், ஊறுகாய் என்று மீதி நாள் முழுவதும் வீட்டு உணவிலும் உப்பு இருக்கிறதே. மசாலாப் பொட்டலத்தைப் பாதியாகக் குறைத்துப் போடுவது இங்கே உண்மையாகவே பலன் தரும், ஏனெனில் உப்பின் பெரும்பகுதி அதில்தான்.

எண்களும் எச்சரிக்கைகளும்

சேர்மானப் பட்டியலின் கடைசியில் வரும் 322, 500, 503, 330 போன்ற எண்கள் பலரைப் பயமுறுத்துகின்றன. இவை உணவுச் சேர்பொருள்களுக்கான சர்வதேச எண்கள். 322 என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 500 சமையல் சோடா வகை. 330 எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். எண் இருப்பதாலேயே ஒரு பண்டம் கெட்டதாகிவிடாது. எண் இல்லாததால் நல்லதாகவும் ஆகிவிடாது. மேலே பார்த்த பிஸ்கட்டில் பிள்ளைக்குப் பிரச்சினை சர்க்கரையும் பாமாயிலும்தான், 322 அல்ல.

எழுத்தில் வரும் எச்சரிக்கைகள் அப்படியல்ல. அவற்றை விட்டுவிடக் கூடாது. செயற்கை இனிப்பு சேர்த்த பண்டத்தில் அதன் பெயரும், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வரியும் இருக்கும். காஃபீன் அதிகமுள்ள எனர்ஜி டிரிங்க் டப்பாக்களிலும் இதே போன்ற வரி உண்டு. வளர்ந்த பிள்ளைகள் இவற்றைக் குளிர்பானம் என்று நினைத்து வாங்குகிறார்கள்.

ஒவ்வாமை உள்ள பிள்ளையின் வீட்டில் முதலில் தேட வேண்டிய சொல் ‘கன்டெய்ன்ஸ்’. கோதுமை போன்ற குளூட்டன் தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா, சல்ஃபைட் ஆகியவை இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பின் எழுதியாக வேண்டும். ‘மே கன்டெய்ன்’ என்றால் அந்தப் பொருள் சேர்க்கப்படவில்லை, ஆனால் அதே ஆலையில் கையாளப்படுவதால் துளி கலந்திருக்கலாம் என்று பொருள். கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும். அதே பண்டத்தின் சேர்மானம் இடையில் மாறக்கூடும் என்பதால், வழக்கமாக வாங்கும் பாக்கெட்டையும் இவர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்தே வாங்க வேண்டும்.

தேதியில், தயாரித்த நாளும் ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ நாளும் கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ கூடுதலாகப் போடப்படுவது. சுவையும் மொறுமொறுப்பும் குறையாமல் இருக்கும் காலத்தை அது குறிக்கும். எக்ஸ்பைரி கடந்ததைத் தின்னக் கூடாது. தேதியின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த பாக்கெட்டை எடுக்காமல் விடுவதே சரி.

ஐந்து ரூபாய் பாக்கெட்

பிள்ளைகள் தாங்களே கடைக்குப் போய் அதிகம் வாங்குவது சின்ன பாக்கெட்டுகள். விதியில் இவற்றுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாவிட்டால் சேர்மானப் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் அதன்மேல் இருக்க வேண்டியதில்லை. பல பாக்கெட்டுகளை உள்ளடக்கிய பெரிய உறையிலோ மொத்தப் பெட்டியிலோ இருந்தால் போதும். மிட்டாய், ஜெல்லி, சின்ன வேஃபர் ஆகியவற்றில் விவரம் தேடிக் கிடைக்காமல் போவது இதனால்தான். அந்தப் பெட்டி கடைக்காரரிடம் இருக்கும், கேட்டால் காட்டுவார். இல்லையென்றால் அதே பண்டத்தின் பெரிய பாக்கெட்டில் 100 கிராம் பத்தியைப் பார்த்து, சின்ன பாக்கெட்டின் எடையால் பெருக்கிக்கொள்ளலாம். எடை மட்டும் பெரும்பாலான சின்ன பாக்கெட்டுகளிலும் இருக்கும்.

விலக்கு இல்லாத பாக்கெட்டிலும் எழுத்து பொடியாக, மினுமினுக்கும் தாளில், மடிப்புக்குள் போய்விடுவதுண்டு. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். வீட்டில் வழக்கமாக வாங்கும் எட்டுப் பத்துப் பண்டங்களின் பின்பக்கத்தை ஒருமுறை இப்படிப் படமெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடையில் புதிதாகக் கண்ணில் படும் பண்டத்தை மட்டும் படித்தால் போதும். உறையில் 14 இலக்க உரிம எண் இல்லாமல், அல்லது சந்தேகம் தரும்படி இருந்தால், ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். புகாரையும் அதிலேயே பதியலாம்.